இரண்டு வருடம், ஒரே ஹெட்செட், மூன்று முறை ஊமையான மைக்

இந்த யுஎஸ்பி ஹெட்செட்டை நான் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் நான்கைந்து இரவு நண்பர்களோடு டீம் கேம் ஆடுவேன், எல்லாமே விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில்தான். காது மெத்தை ஒரு பக்கம் உரிந்துவிட்டது, வயர் முறுக்கிக்கொள்கிறது, அதெல்லாம் பரவாயில்லை. எழுத வந்தது மைக்கைப் பற்றி. இந்த இரண்டு வருடத்தில் மூன்று முறை என் குரல் கேமுக்குள் சரியாகப் போகாமல் நின்றது. மூன்று முறையும் ஹெட்செட்டில் எந்தக் கோளாறும் இல்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் முறை நடந்ததுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நான் பேசுகிறேன், யாருக்கும் கேட்கவில்லை. "மச்சி, மியூட்ல இருக்கியா?" என்று ஆளாளுக்கு சாட்டில் டைப் செய்கிறார்கள். வயரில் உள்ள மியூட் பொத்தானைப் பார்த்தேன், சரியாக இருந்தது. விண்டோஸோடு வரும் சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து பத்து நொடி பேசிப் பதிவு செய்து கேட்டேன். குரல் கணீரென்று இருந்தது. அப்படியென்றால் மைக் நல்லது, விண்டோஸும் நல்லது, கேமில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, கேமை அழித்துவிட்டு மறுபடி முழுதாக இறக்கினேன். ஒரு ராத்திரி முழுக்க டவுன்லோடு. காலையில் திறந்தால் அதே ஊமைத்தனம்.

விஷயம் என்னவென்றால், ரெக்கார்டரும் கேமும் விண்டோஸின் கண்ணில் ஒரே ஜாதி இல்லை. மைக் அனுமதி மூன்று அடுக்காக இருக்கிறது. Settings-இல் Privacy & security போய் Microphone பக்கத்தைத் திறந்தால் மேலே "Microphone access" இருக்கும், அது மொத்தக் கதவு. அதன் கீழே "Let apps access your microphone". அதற்கடியில் ஸ்டோர் வகை ஆப்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் வரிசையாக வரும். ரெக்கார்டர் இந்த வரிசையில்தான் இருக்கும். பட்டியல் முடிந்து பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால்தான் மூன்றாவது தென்படும்: "Let desktop apps access your microphone". நாம் ஆடும் கேம்களில் பெரும்பாலானவை, தனியாக நிறுவும் வாய்ஸ் சாட் மென்பொருள்கள், பிரவுசர்கள் எல்லாம் இந்த மூன்றாவது சுவிட்சுக்குக் கட்டுப்பட்டவை. இவற்றுக்கு ஆளுக்கொரு சுவிட்ச் கிடையாது. திறந்தால் எல்லாவற்றுக்கும் திறப்பு, மூடினால் எல்லாவற்றுக்கும் மூடல்.

அதை மூடியது யார்? நானேதான். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்தெந்த ஆப் என்னை ஒட்டுக் கேட்கிறதோ என்ற சந்தேகத்தில் பிரைவசி பக்கங்களில் கண்டதையெல்லாம் அணைத்துக்கொண்டே வந்திருந்தேன். இதுவும் அதில் போய்விட்டது. பிறகு வேலையில் மூழ்கி சில வாரம் ஆடவில்லை, அதனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. கேமும் அனுமதி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெட்செட் பெயர் அதன் மெனுவில் அழகாக இருந்தது, பக்கத்தில் ஒலி அளவுக் கோடு மட்டும் அசையாமல் கிடந்தது.

அன்றே தெரிந்திருக்க வேண்டிய தடயம் ஒன்று இருந்தது. ஒரு பிரவுசரில் மைக் சோதனை செய்து பார்த்தேன், அங்கேயும் குரல் போகவில்லை. பிரவுசரும் மக்கர் செய்கிறது என்று அலட்சியமாக விட்டுவிட்டேன். ரெக்கார்டரில் குரல் வருகிறது, பிரவுசரிலும் கேமிலும் ஒருசேர வரவில்லை என்றால் அந்த மூன்றாவது சுவிட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே பக்கத்தில் அந்தச் சுவிட்சின் கீழே மைக்கைத் தொட்ட டெஸ்க்டாப் ஆப்களின் பெயர்கள் "Last accessed" என்று தேதி நேரத்தோடு இருக்கும். கேமைத் திறந்து பேசிவிட்டு வந்து பாருங்கள். இந்த நிமிடத்து நேரம் கேமின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் அனுமதி விஷயம் முடிந்தது, சிக்கல் வேறு எங்கோ. பேசும்போது டாஸ்க்பாரின் வலது மூலையில் குட்டி மைக் படம் வருகிறதா என்பதும் இதே சேதியைச் சொல்லும். அதன்மேல் மவுசை வைத்தால் எந்த ஆப் மைக்கைப் பிடித்திருக்கிறது என்று பெயர் காட்டும்.

இரண்டாவது முறை இன்னும் வேடிக்கை. இந்தத் தடவை குரல் போனது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. கூடவே "டக் டக்" என்று ஒரு சத்தம் வேறு. "டேய், என்ன வெத்தலை இடிக்கிறியா?" என்று ஒருவன் கேட்டான். வியப்பு என்னவென்றால், தனி வாய்ஸ் சாட் ஆப்பில் அதே நேரத்தில் என் குரல் நன்றாகக் கேட்டது. கேமின் சொந்த வாய்ஸ் சாட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து.

அந்த வாரம்தான் புதிதாக ஒரு கன்ட்ரோலரை யுஎஸ்பியில் செருகியிருந்தேன். அதற்குள்ளே மைக் ஒன்று இருப்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த "டக் டக்" என் கட்டைவிரல் பொத்தானை அழுத்தும் சத்தம்.

ஆனால் ஒரு ஆப்பில் சரி, இன்னொன்றில் தப்பு என்பது எப்படி? இதற்கு விண்டோஸின் பழைய சவுண்ட் ஜன்னலைத் திறந்தால்தான் தெளிவாகத் தெரியும். விண்டோஸ் பொத்தானோடு R அழுத்தி இதை டைப் செய்தால் போதும்:

```
mmsys.cpl
```

அதில் Recording பக்கத்துக்குப் போனேன். கன்ட்ரோலர் மைக்கின் மேல் பச்சை டிக், கீழே "Default Device". ஹெட்செட் மைக்கின் மேல் பச்சை டெலிபோன் படம், கீழே "Default Communications Device". அதாவது விண்டோஸில் இயல்பு மைக் என்பது ஒன்றல்ல, இரண்டு. பொதுவான வேலைக்கு ஒன்று, பேசிக்கொள்ளும் வேலைக்கு ஒன்று. எந்த மென்பொருள் எதைக் கேட்டு வாங்கும் என்பது அதை எழுதியவர் கையில் இருக்கிறது. வாய்ஸ் சாட் ஆப் டெலிபோன் படம் போட்டதை வாங்கிக்கொண்டது. கேம் பச்சை டிக் போட்டதை வாங்கிக்கொண்டது. வழக்கமாக இரண்டும் ஒரே ஹெட்செட்டில் இருப்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை.

இந்த ஜன்னலில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு மைக்குக்கும் பக்கத்தில் இருக்கும் பச்சைக் கோடுகள். ஹெட்செட் மைக்கை விரல் நகத்தால் லேசாகத் தட்டினேன், அதன் கோடு துள்ளியது. கன்ட்ரோலரைத் தட்டினேன், டிக் போட்ட கோடு துள்ளியது. ஒரே மாதிரி பெயரோடு நாலு மைக் வரிசையாக நின்றாலும் எது எது என்று இப்படித் தட்டிப் பார்த்தே பிரித்துவிடலாம். பேசிப் பார்ப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் பேசினால் பக்கத்தில் இருக்கிற எல்லா மைக்குமே கொஞ்சம் கொஞ்சம் துள்ளும்.

ஹெட்செட் மைக்கில் ரைட் கிளிக் செய்து "Set as Default Device" கொடுத்தேன். கன்ட்ரோலர் மைக்கில் ரைட் கிளிக் செய்து "Disable" கொடுத்தேன். அதில் நான் பேசப்போவதே இல்லை, பிறகு எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? அப்புறமும் கேமில் மாற்றம் இல்லை. கேமை மூடித் திறந்ததும் சரியானது. சில கேம்கள் தொடங்கும்போது மட்டும்தான் மைக் எது என்று விசாரிக்கும், நடுவில் நாம் மாற்றினால் கண்டுகொள்ளாது. இது தெரியாமல் சரியான மாற்றத்தைச் செய்துவிட்டு, பலிக்கவில்லை என்று திரும்பவும் பழையபடி மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு முறை அப்படித்தான் செய்தேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேமின் ஆடியோ மெனுவில் "Default" என்று விடாமல் ஹெட்செட்டின் பெயரையே தேர்ந்தெடுத்து வைத்தேன். இனி எந்தக் கன்ட்ரோலர் வந்தாலும் அசைக்க முடியாது என்று ஒரு நிம்மதி. மூன்றாவது முறை மைக் ஊமையானது இந்த நிம்மதியால்தான்.

மேசையைத் துடைக்க எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு மறுபடி செருகினேன். அன்றிரவு என் குரல் இல்லை. முன்பு பட்ட பாட்டால் இந்தத் தடவை நேராக mmsys.cpl திறந்தேன். ஹெட்செட்டின் பெயருக்குள், அடைப்புக்குறியில், முன்னால் "2-" என்று முளைத்திருந்தது. வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகியிருக்கிறேன். தனக்கென்று சீரியல் எண் சொல்லாத ஹெட்செட்டை வேறு போர்ட்டில் செருகினால் விண்டோஸ் அதைப் புது ஆளாகவே எடுத்துக்கொள்ளும். கேமோ பழைய ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு, வராத விருந்தாளிக்காகக் காத்திருந்தது. கேம் மெனுவில் "2-" உள்ள பெயரைத் தேர்ந்தெடுத்ததும் சரி. ஒரு நிமிட வேலை.

"Default" என்று விடுவதா, பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பதா என்று கேட்டால், இரண்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. "Default" என்றால் புதிதாகச் செருகும் வெப்கேமோ கன்ட்ரோலரோ குறுக்கே புகுந்துவிடலாம். பெயர் சொன்னால் போர்ட் மாறும்போது அறுந்துவிடும். நான் பெயர் சொல்லும் கட்சி. போர்ட்டை மாற்றாமல் இருப்பது என் கையில் இருக்கிறது, எந்தக் கருவிக்குள் மைக் ஒளிந்திருக்கிறது என்பது என் கையில் இல்லை.

நடுவில் இரண்டு மாதம் ப்ளூடூத் ஹெட்போன் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். மைக்கைத் தொட்டதும் கேம் சத்தம் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். அது ப்ளூடூத் பேச்சு வழிக்கு மாறுவதால் வருவது, அனுமதியோ இயல்பு மைக்கோ அதற்குக் காரணம் இல்லை. யுஎஸ்பிக்கே திரும்பிவிட்டேன்.

அந்த மூன்றாவது சுவிட்சை இப்போது திறந்துதான் வைத்திருக்கிறேன், கேமுக்கு மட்டும் திறக்க வழி இல்லையே. அதனால் ஆடாத நாட்களில் ஹெட்செட் வயரைப் பிடுங்கிவிடுவேன். திரும்ப அதே போர்ட்டில் செருகுவதற்காக அந்தப் போர்ட்டுக்கு மேலே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.