அங்குலத்துக்கு எத்தனை இழை: போட்டோவில் எண்ண எந்த வழி நல்லது?

பர்கூர் ஜவுளிக் கடையில் பாப்ளின் வாங்குகிறோம். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அங்குலத்துக்கு நூறு என்கிறார்கள். இழை எண்ண உதவும் லென்ஸான பிக் கிளாஸ் கையில் இல்லை. துணி மேல் சின்ன ஸ்கேலை வைத்து, போனில் நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்தாலே போதும். ஆனால் அந்தப் போட்டோவில் எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பலரும் செய்வது, ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ள இழைகளை எண்ணி 2.54 ஆல் பெருக்குவது. கம்ப்யூட்டர் தேவையில்லை, கடையிலேயே முடிந்துவிடும். சிக்கல் ஓரத்தில்தான். ஸ்கேலின் கோடு ஒரு இழையின் நடுவில் விழுந்தால் அதைச் சேர்ப்பதா, விடுவதா? 39 என்றால் 99 வரும், 40 என்றால் 102. அரை சென்டிமீட்டர் மட்டும் எண்ணினால் ஒரு இழைத் தவறே 5 ஆகிவிடும்.

அதனால் எனக்குப் பிடித்தது தலைகீழான வழி: இழை எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துகொண்டு, அது பிடிக்கும் நீளத்தை அளப்பது. ஒரு போட்டோவில் ஸ்கேலின் 10 மில்லிமீட்டர் 1800 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு அங்குலம் 4572 பிக்சல். ஒரு இழையின் இடது விளிம்பிலிருந்து 41-வது இழையின் இடது விளிம்பு வரை 1840 பிக்சல். நடுவே இருப்பது 40 இடைவெளி, ஆக ஒன்றுக்கு 46 பிக்சல். 4572-ஐ 46 ஆல் வகுத்தால் 99.4. விளிம்பைக் குறிப்பதில் 10 பிக்சல் பிசகினாலும் அரை இழைதான் மாறும். ஆனால் 40-க்குப் பதில் 41 ஆல் வகுத்துவிட்டால் 102 வந்து நிற்கும். கவனம் வேண்டிய இடம் அதுதான்.

ImageJ என்ற பட ஆய்வு மென்பொருளில், திரும்பத் திரும்ப வரும் அமைப்பைக் கண்டறியும் FFT கணக்கைப் போட்டு இழை இடைவெளியைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. வெள்ளைத் துணிக்கு வேகமான வழி. கட்டம், கோடு போட்ட துணியில் இழைக்குப் பதிலாக டிசைனின் இடைவெளியைக் காட்டிவிடலாம்.

எந்த வழியானாலும் ஸ்கேலின் தடிமன் கெடுக்கும். கேமரா துணியிலிருந்து 60 மில்லிமீட்டரில் இருக்கிறது, பிளாஸ்டிக் ஸ்கேலின் கோடுகள் துணிக்கு 2 மில்லிமீட்டர் மேலே இருக்கின்றன என்றால், ஸ்கேல் மூன்று சதவீதத்துக்கு மேல் பெரிதாகத் தெரியும். 97 இழைத் துணியும் நூறு என்று காட்டும். ஸ்கேலையும் இழைகளையும் ஒரே நேரத்தில் ஃபோகஸ் செய்ய முடியாவிட்டால், இதுதான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அரை மில்லிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலில் இந்தப் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கேமராவைச் சற்று விலக்கி ஜூம் செய்தால் இன்னும் குறையும்.

கடையில் நின்றபடி 90-ஆ, 100-ஆ என்று பார்க்க முதல் வழியே போதும். 97-ஆ, 100-ஆ என்று பேரம் போகும்போது இரண்டாவது வழியில், துணியின் வேறு வேறு இடங்களில் எடுத்த போட்டோக்களை வைத்துக் கணக்குப் போடுங்கள்.