வெளிவராத போனுக்கு அட்வான்ஸ் கேட்டால், பில்லில் மொடல் நம்பரை எழுதச் சொல்லுங்கள்

திருகோணமலை டவுனுக்குள் இருக்கும் ஒரு போன் கடையைப் பற்றியது இது. பெயர் போடப்போவதில்லை. இன்னும் வெளிவராத போனுக்கு அட்வான்ஸ் வாங்கும் கடைகள் எல்லாம் ஏறக்குறைய இதே மாதிரித்தான் நடக்கின்றன, அதனால் கடையை விட அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிவது முக்கியம்.

2023 டிசம்பரில் உப்புவெளியில் இருக்கிற என் தங்கச்சிக்குப் போன் எடுக்கப் போனோம். அவளுக்குத் தேவை சாம்சங் S23, கடையில் பெட்டியோடு இருந்தது, காசும் கையில் இருந்தது. முதலாளி அதை எடுக்கவே விடவில்லை. "தங்கச்சி, இப்ப இதை எடுக்காதீங்கோ, அடுத்த மாசம் S24 வருது, எல்லாம் லீக் ஆகிட்டுது, இந்தா பாருங்கோ" என்று தன்னுடைய பேஸ்புக் போஸ்டரைக் காட்டினார். அதில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப், 12 ஜிபி ரேம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தால் முதல் வருகிற போன் எங்களுக்கு என்றார். துண்டில் எழுதித் தந்தது "S24 – அட்வான்ஸ் 50,000" மட்டும்தான். விலையை எழுதச் சொல்லிக் கேட்டதற்கு, கம்பனி இன்னும் விலை சொல்லவில்லையே என்று சிரித்தார்.

ஜனவரி 17இல் போன் அறிமுகமானது, மாதக் கடைசியில் விற்பனைக்கு வந்தது. எங்களுக்கு வந்த பெட்டியில் SM-S921B என்று இருந்தது. உள்ளே இருந்தது ஸ்னாப்டிராகன் இல்லை, எக்ஸினோஸ் 2400 என்ற வேறு சிப், ரேமும் 8 ஜிபிதான். விலையோ டிசம்பரில் அவர் வாயால் சொன்னதை விட நல்லாவே கூட. வேண்டாம், காசைத் தாங்கோ என்றால், "லீக் அப்படித்தான் சொன்னது, அதுக்கு நான் என்ன செய்யிறது" என்கிறார். அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டாராம், வேண்டுமானால் அந்தக் காசுக்குக் கடையில் வேறு ஏதாவது எடுக்கட்டாம்.

சிப் விஷயத்தில் லீக் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அறிமுகத்துக்கு முன்பே, போனின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் தளத்தில் இந்த வரிசையின் பதிவுகள் கசிந்திருந்தன. மொடல் நம்பர் U என்று முடிந்தவற்றில் ஸ்னாப்டிராகன், B என்று முடிந்தவற்றில் எக்ஸினோஸ். U என்பது அமெரிக்காவுக்கு, B என்பது உலகத்தின் பெரும்பாலான நாடுகளுக்கு, கடைசியில் 0 வந்தால் (SM-S9210) சீனா, ஹொங்கொங் பக்கம். S24, S24 பிளஸ் இரண்டும் இப்படிப் பிரிந்தன, அல்ட்ராவுக்கு மட்டும் எல்லா நாட்டிலும் ஸ்னாப்டிராகன். போஸ்டர் அடித்த மனிதர் அமெரிக்க போனின் சிப்பை எடுத்து, ரேமைக் கூட்டிப் போட்டு, நம் ஊருக்கு வரும் போன் போல விற்றிருக்கிறார். அதனால் லீக் ஒன்றைப் பார்த்தால் முதலில் சிப்பைப் பார்க்காமல் மொடல் நம்பரின் வாலைப் பாருங்கள். வால் இல்லாத லீக் என்றால், அது எந்த நாட்டுப் போனைப் பற்றியது என்று சொன்னவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

கீக்பெஞ்சையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, மொடல் பெயரை மாற்றிப் போலியாகப் பதிவேற்ற முடியும். பல பதிவுகள் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம், ஒற்றைப் பதிவு என்றால் விட்டுவிடுங்கள்.

இதைவிட உறுதியானது அரசாங்கச் சான்றிதழ்களில் இருந்து வருவது, அமெரிக்காவின் FCC, சீனாவின் 3C மாதிரி. கம்பனியே கொடுக்கும் விபரம் என்பதால் பட்டரி, சார்ஜர் விஷயத்தில் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் வாசிக்கத் தெரிய வேண்டும். S24இன் பட்டரி 3880 mAh என்று கசிந்தால், S23இல் 3900 அல்லவா, குறைத்துவிட்டார்கள் என்று கத்தத் தோன்றும். சான்றிதழில் வருவது குறைந்தபட்ச அளவு, விளம்பரத்தில் போடுவது சராசரி அளவு. S23இன் குறைந்தபட்சம் 3785, S24இன் சராசரி 4000. ஒரே வகை எண்ணை ஒரே வகையோடு வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சார்ஜிங் இரண்டிலும் 25 வாட்.

விலை, ரேம் இரண்டும்தான் லீக்கில் நம்பக் கூடாதவை. நாட்டுக்கு நாடு மாறும், கடைசி நேரத்திலும் மாறும். கடைக்காரர் எங்களுக்கு விற்றதும் சரியாக இவை இரண்டையும்தான்.

இனி, காத்திருப்பதா வாங்குவதா என்ற கேள்வி. தங்கச்சியின் கணக்கைப் பாருங்கள். S23 எல்லா நாட்டிலும் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 உடன் வந்தது, ரேம் அதே 8 ஜிபி. S24இல் அவளுக்கு உண்மையில் பிரயோசனமாக இருந்தது ஏழு வருட அப்டேட், S23க்கு பாதுகாப்பு அப்டேட்டே ஐந்து வருடம்தான். போனை நீண்ட காலம் வைத்திருப்பவர் என்றால் அதற்காகக் காத்திருக்கலாம், நியாயம். ஆனால் அவளுடைய பழைய போனின் திரை பாதி கறுப்பாகி, வேலைக்கு வரும் அழைப்பைக் கூட எடுக்க முடியாத நிலை.

அதோடு லீக் எதுவும் தேவைப்படாத ஒரு தகவல் அந்த டிசம்பரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 15இல் இருந்து 18 வீதம், போன் உட்படப் பல பொருட்களுக்கு இருந்த விலக்கும் போகிறது. புதுப் போன் வந்தால் பழையது மலிவாகும் என்று வழக்கமாகச் சொல்வது அந்த மாதத்தில் நம் நாட்டில் எடுபடாத பேச்சு. இது முதலாளிக்குத் தெரியாமலா இருக்கும்? கையில் இருந்த S23ஐ ஜனவரியில் கூடின விலைக்கு விற்கலாம், நடுவில் எங்கள் ஐம்பதாயிரத்தையும் உருட்டலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

முந்தைய வருடத்துக் கதை அடுத்த வருடத்துக்கும் பொருந்தும் என்றும் இருக்காதீர்கள். S25க்கு எக்ஸினோஸ் 2500 வரும் என்று முதலில் பேச்சு அடிபட்டது, 2025 ஜனவரியில் பார்த்தால் எல்லா நாட்டிலும் ஸ்னாப்டிராகன் 8 எலைட்.

அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், துண்டில் முழு மொடல் நம்பர், ரேம், சேமிப்பு, ஆகக்கூடிய விலை, இவற்றில் ஒன்று மாறினாலும் முழுக் காசும் திரும்ப என்ற வரி, கையெழுத்து எல்லாம் வேண்டும். "உங்களுக்காக ஸ்னாப்டிராகன் மொடலே எடுத்துத் தாறேன்" என்றால் அது வேறு நாட்டுப் போன். காசைக் கட்ட முதல் IMEI என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்தப் போனின் 15 இலக்க IMEI எண்ணையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பதில் வரும்.

நாங்கள் 1977க்கு அழைத்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்தோம். அதற்குப் பிறகு பாதிக் காசு வந்தது. மீதிக்கு இன்னும் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இதே கடையில் துண்டு வைத்திருப்பவர்கள் இருந்தால் அதைத் தொலைக்காமல் வைத்திருந்து, போஸ்டரையும் கடைக்காரர் அழிக்க முதல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முறைப்பாட்டில் கைகொடுத்தது அந்த ஸ்கிரீன்ஷொட்தான்.