பொலோனியாவா, பாரிஸா? சங்கம் யார் கையில்?

பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் 'யுனிவர்சிட்டி' என்ற சொல் 'உனிவெர்சிதாஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் அதற்குச் சங்கம் என்றுதான் பொருள். நெசவாளர் சங்கம், தச்சர் சங்கம் மாதிரி. அந்தச் சங்கத்தை இத்தாலியின் பொலோனியாவில் மாணவர்கள் கட்டினார்கள், பாரிஸில் ஆசிரியர்கள். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து முளைத்தவைதான்.

பொலோனியாவுக்கு வந்தவர்கள் சட்டம் படிக்க வந்தவர்கள். பலர் வயதில் மூத்தவர்கள், கையில் காசுள்ளவர்கள், ஆனால் வெளியூர்க்காரர்கள். உங்கள் ஊர்க்காரன் எவனோ கடனை அடைக்காமல் ஓடிவிட்டால், கடன் கொடுத்தவன் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். 1150களில் பேரரசன் பிரெடரிக் பார்பரோசா இதைத் தடுத்து ஆணையிட்டான். மீதிப் பாதுகாப்பைச் சங்கம் பார்த்துக்கொண்டது. வாத்தியாருக்குச் சம்பளம் மாணவர் கொடுக்கும் பணம்தான், அதனால் கடிவாளமும் அவர்களிடம். மணி அடித்ததும் பாடம் தொடங்க வேண்டும். கடினமான பகுதியைத் தாண்டிப் போனால் அபராதம். ஐந்து பேர்கூட வராத வகுப்பென்றால், வாத்தியாரே வராததாகக் கணக்கு!

பாரிஸில் கதை வேறு. அது நோத்ர் தாம் தேவாலயப் பள்ளியைச் சுற்றி வளர்ந்தது. பதினாலு, பதினைந்து வயதுப் பையன்கள் முதலில் இலக்கணம், தர்க்கம் போன்ற கலைப் பாடங்களைப் படித்தார்கள். 1215ஆம் ஆண்டு விதிப்படி ஆறு வருடம் படித்து, இருபது வயதும் தாண்டினால்தான் கலைப் பாடம் நடத்தலாம்; இறையியல் நடத்த முப்பத்தைந்து வயது ஆக வேண்டும். பையன்கள் கையில் சங்கத்தை யார் கொடுப்பார்கள்?

ஊரோடு உரசல் இரண்டு இடத்திலும் உண்டு. பொலோனியாவில் வாடகைத் தகராறு. பாரிஸில் 1229 திருவிழா நாளில், ஒரு மதுக்கடையில் கணக்கு பார்க்கும்போது வாய்ச்சண்டை முற்றி மாணவர்கள் உதை வாங்கினார்கள். மறுநாள் தடிகளோடு திரும்பி வந்து கடையை நொறுக்கினார்கள். அரசு ஆட்கள் இறங்கியதில் சில மாணவர்கள் செத்தார்கள். ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே கிளம்பினார்கள். இரண்டு வருடம் பாரிஸ் வெறிச்சோடியது.

சொந்தக் கட்டடம் இல்லாததுதான் அன்றைக்கு இரு சங்கங்களின் பலம். மூட்டை கட்டினால் போதும், வாடகையும் வியாபாரமும் கூடவே போய்விடும். 1222இல் பொலோனியாவிலிருந்து கிளம்பியவர்களால்தான் பதுவா பல்கலைக்கழகமே உருவானது.

நான் மாணவனாக இருந்தால் பொலோனியாவுக்குத்தான் போயிருப்பேன், கையில் காசு இருந்தால்! ஆனால் நிலைத்தது பாரிஸ் ஏற்பாடுதான். 1231இல் போப் ஒன்பதாம் கிரகோரி, நியாயம் கிடைக்காவிட்டால் பாடத்தை நிறுத்தும் உரிமையைப் பாரிஸ் ஆசிரியர்களுக்கு எழுதியே கொடுத்தார். பொலோனியாவிலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகராட்சி சில வாத்தியார்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அந்த வழக்கம் பரவப் பரவ, வாத்தியார்கள் மாணவர் முகத்தைப் பார்ப்பது குறைந்து, நகராட்சியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.