குழந்தை வேணும்னா ஃபைப்ராய்டை வெட்டணுமா, அடைக்கணுமா, சுருக்கணுமா?

ஓபில அடிக்கடி வர்ற ஒரு கேஸை எடுத்துக்குவோம். வயசு 33, கர்ப்பப்பையோட சுவருக்குள்ள 7 செ.மீ.ல ஒரே ஒரு ஃபைப்ராய்டு, அதாவது தசைக்கட்டி, அது உள்பக்கம் கர்ப்பப்பைக் குழியை அமுக்குது, வெளிப்பக்கமும் புடைச்சுக்கிட்டு நிக்குது, ரிப்போர்ட்ல டைப் 2-5னு போட்டிருப்பாங்க. பீரியட்ஸ் வந்தா 9 நாள், ரத்தம் கட்டி கட்டியா போகும், ஹீமோகுளோபின் 8.2. ஒரு வருஷத்துக்குள்ள குழந்தைக்கு ட்ரை பண்ணணும். இனிமே குழந்தை வேணாம்னு இருக்குறவங்களுக்கு மூணு வழியுமே சரிப்பட்டு வரலாம், குழந்தை வேணும்னு சொன்ன உடனேதான் மூணும் தனித்தனியா பிரியுது.

மருந்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாருக்கும் அதுலதான் ஆசை. லியூப்ரோலைடு ஊசி 3.75 மி.கி., மாசத்துக்கு ஒண்ணு. போட்ட முதல் சில நாள்ல ஹார்மோன் கொஞ்சம் ஏறும், அதனால ஒரு தடவை ப்ளீடிங் ஜாஸ்தியாவே வரலாம், பயப்பட வேண்டாம், அப்புறம் ஈஸ்ட்ரோஜன் படுத்துடும், பீரியட்ஸ் நின்னுடும், கட்டியும் சுருங்க ஆரம்பிக்கும். 3 மாசம் கழிச்சு ஸ்கேன் எடுத்துட்டு வந்து "பாதியா சுருங்கிடுச்சு டாக்டர், இனிமே ட்ரை பண்ணலாமா?"னு கேப்பாங்க. சுருங்குனது உண்மைதான், ஆனா பாதியானது கன அளவு. 7 செ.மீ. உருண்டைனா கிட்டத்தட்ட 180 மில்லி, அது 90 மில்லி ஆனா குறுக்களவு எவ்வளவு தெரியுமா, 3.5 இல்ல, ஏறக்குறைய 5.5 செ.மீ. குழியை அமுக்கிக்கிட்டிருந்த கட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கு, கொஞ்சம் கம்மியா அமுக்குது, அவ்வளவுதான். ஊசி போடுற வரைக்கும் கருமுட்டை வெளிய வராது, அதனால கர்ப்பம் ஆகுறதுக்கு வழியில்ல, ஊசியை நிறுத்துனா சில மாசத்துலேயே கட்டி பழையபடி வளந்துடும். ரெலுகோலிக்ஸ் கலவை மாத்திரையும் இதே வகைதான், ப்ளீடிங்கை நல்லா குறைக்கும், கட்டியை ரொம்ப சுருக்காது. உலிப்ரிஸ்டல்னு ஒண்ணு நல்லா பேர் வாங்குச்சு, லிவர் பாதிப்புனால 2020ல ஐரோப்பாவுல அதை நிறுத்தி வச்சு, பிறகு கடுமையான கட்டுப்பாட்டோடதான் விட்டாங்க.

அப்போ ஊசியே வேணாமா? இந்த கேஸ்ல நான் கண்டிப்பா யோசிப்பேன், ஆனா அதை வைத்தியமா நெனைச்சு இல்ல. 8.2 ஹீமோகுளோபினோட ஆபரேஷனுக்குப் போனா ரத்தம் ஏத்த வேண்டி வரும், பீரியட்ஸை 2, 3 மாசம் நிறுத்திட்டு கூடவே இரும்புச்சத்தும் குடுத்தா 11க்கு மேல கொண்டு வந்துடலாம், அந்த அவகாசத்தை வாங்கத்தான் ஊசி. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, சுருங்குன கட்டி மெத்துனு ஆகிடும், அதுக்கும் சுத்தி இருக்குற தசைக்கும் நடுவுல உள்ள பிரிவு சரியா கிடைக்காது, பொடிசா மத்த கட்டிங்க ஏதும் இருந்தா கண்ணுல படாம தப்பிச்சு பின்னால பெருசாகலாம். அதனால இரும்பு மட்டுமே போதும்னா ஊசியைத் தவிர்க்கத்தான் பார்ப்பேன்.

அடுத்தது எம்போலைசேஷன். தொடையிலயோ மணிக்கட்டுலயோ ரத்தக்குழாய் வழியா மெல்லிய ட்யூபை விட்டு ரெண்டு பக்க கர்ப்பப்பைத் தமனிக்கும் போயி மணல் மாதிரி சின்னச் சின்ன மணிங்களை அனுப்பி அடைப்பாங்க, ரத்தம் கிடைக்காம கட்டி செத்து சுருங்கும். வயித்துல வெட்டு இல்ல, தழும்பு இல்ல, வீட்டுக்கும் சீக்கிரம் போயிடலாம், முதல் ராத்திரி வலி மட்டும் நல்லாவே இருக்கும். ஆனா அந்த மணிங்க கட்டிக்கு மட்டும் போறதில்ல, கர்ப்பப்பையோட உள்வரிக்கும் ரத்தம் குடுக்குறது அதே தமனிதான், சில பேருக்கு அதே வழியில சினைப்பைக்கும் கிளை போகும். உள்வரி பாதிச்சா கரு ஒட்டுறதுலயும் நஞ்சுக்கொடி ஒட்டுறதுலயும் பிரச்சனை வரும்னுதான் பயமே. 2008ல செக் நாட்டுக்காரங்க 121 பெண்களை ரெண்டா பிரிச்சு ஒப்பிட்டாங்க, கட்டியை வெட்டி எடுத்த ஆபரேஷன் பக்கம் 33 கர்ப்பம், 19 பிரசவம், 6 கலைஞ்சுது, எம்போலைசேஷன் பக்கம் 17 கர்ப்பம், 5 பிரசவம், 9 கலைஞ்சுது. சின்ன ஆய்வு, இதை வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாது. 2020ல வந்த ஃபெம் ஆய்வு 254 பேரை வச்சு செஞ்சது, அதுல வாழ்க்கைத்தரம் ஆபரேஷன் பக்கம் கொஞ்சம் அதிகமா இருந்துச்சு, சினைப்பையில மிச்சமிருக்குற கருமுட்டை இருப்புல பெரிய வித்தியாசம் தெரியல, கர்ப்பம் ஆனவங்க ரெண்டு பக்கமும் ரொம்ப கம்மி, அதனால குழந்தை விஷயத்துக்கு அதுல பதில் இல்ல.

நம்ம கேஸுக்கு இன்னொரு தொந்தரவும் இருக்கு, குழிப்பக்கம் நீட்டிக்கிட்டிருக்குற கட்டி செத்துப்போனா துண்டு துண்டா கீழ வழியா வரலாம். சில வாரம் கழிச்சு நாத்தமடிக்கிற வெள்ளைப்படுதல், காய்ச்சல், பிரசவ வலி மாதிரி இழுத்து இழுத்து வலினு வந்தா அதுதான், வீட்டுல பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது, அன்னைக்கே போய் காட்டணும்.

மயோமெக்டமினா கட்டியை மட்டும் எடுத்துட்டு கர்ப்பப்பையை தச்சு விடுறது. முழுக்க குழிக்குள்ளேயே இருந்தா கீழ வழியாவே ஹிஸ்டெரோஸ்கோப்ங்கிற கேமரா குழாயை விட்டு செதுக்கிடலாம், இந்த டைப்புக்கு அது ஆகாது, லேப்ராஸ்கோப்பியோ வயித்தைத் திறந்தோதான் பண்ணணும். கட்டி மேல ரத்தக்குழாயைச் சுருக்குற வாசோப்ரெசின் ஊசி போட்டதும் அந்த இடம் வெளிறிப் போகும், அப்புறம் கீறினா உள்ள வெள்ளையா, நூல்கண்டு சுத்தி வச்ச மாதிரி கட்டி தெரியும், அதுல திருகு மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சுத்தி இருக்குற தசையை உரிச்சு விட்டா முழுசா வெளிய வந்துடும். கஷ்டமான வேலை அதுக்கப்புறம்தான், அந்த பள்ளத்தை அடுக்கடுக்கா இடைவெளி விடாம தைக்கணும். உள்ள ரத்தம் தேங்குனா தழும்பு பலம் இல்லாம போகும், கரன்ட் வச்சு அதிகமா பொசுக்குனாலும் அதே கதிதான், லேப்ராஸ்கோப்பில கை தேர்ந்தவங்க வேணும்னு சொல்றது இதனாலதான்.

குறை இல்லாமலும் இல்ல. குடல் ஒட்டிக்கலாம், குழி திறந்திருந்தா உள்ளேயே ஒட்டு விழலாம், ஆபரேஷனுக்கப்புறம் பீரியட்ஸ் திடீர்னு ரொம்ப கம்மியா வந்தா ஹிஸ்டெரோஸ்கோப்ல பார்த்துடணும். புதுக் கட்டியும் முளைக்கலாம். கர்ப்பத்துக்கு பொதுவா 3லேர்ந்து 6 மாசம் காத்திருக்கச் சொல்வாங்க. பின்னால கர்ப்பத்துல தழும்பு கிழியுறது 100ல ஒருத்தருக்கும் கம்மிதான், ஆனா நடந்தா தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அதான் ஆழமா வெட்டியிருந்தா வலி எடுக்குற வரைக்கும் விடாம 37, 38 வாரத்துல சிசேரியன் பண்றாங்க. அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபரேஷன் நோட்டை கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, "குழி திறந்ததா, எவ்வளவு ஆழம், எத்தனை அடுக்கு தையல்"ங்கிற வரி இல்லேனா நாளைக்கு பிரசவம் பார்க்குறவங்க இருட்டுலதான் முடிவெடுப்பாங்க.

இவங்களுக்கு நான் சொல்றது, முதல்ல இரும்பு, தேவைப்பட்டா ரெண்டு மூணு ஊசி, அப்புறம் மயோமெக்டமி. இதே ஆளு ஏற்கனவே ரெண்டு தடவை வயித்தைத் திறந்து உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு, கட்டியும் பத்து இருபதுனு இருந்து, திரும்ப வெட்டப் போனா கர்ப்பப்பையே போயிடும்ங்கிற நிலைமையில இருந்தா என் பதில் மாறும், அப்போ எம்போலைசேஷனைப் பத்தி உட்கார்ந்து பேசுவேன், அதுக்கப்புறமும் குழந்தை பெத்தவங்க இருக்காங்க, கரு கலையுற வாய்ப்பும் பிரசவத்துல ரத்தப்போக்கும் கூடுதலா இருக்கலாம்னு முன்னாடியே சொல்லிட்டு.