200 பேருக்குப் பிரியாணி: ஒரே பெரிய டேக்சாவா, இரண்டு நடுத்தர டேக்சாவா?

தம்பி வீட்டு விசேஷத்துக்கு வாடகைக் கடையில் “20 கிலோ டேக்சா” என்று கேட்டு வாங்கி வந்தோம். அரிசியைப் போடும்போதே தண்ணீர் விளிம்பைத் தொட்டுவிட்டது. அந்தக் கடைக்காரர் சொன்ன 20 கிலோ வெள்ளைச் சோற்றுக்கான கணக்கு. அதே பாத்திரத்தில் கறியும் மசாலாவும் சேர்ந்தால் இடம் போதாது. கடைக்குக் கடை இந்தக் கிலோ மாறும். அதனால் இப்போதெல்லாம் நான் லிட்டரில்தான் கணக்குப் போடுகிறேன்.

பிரியாணியோடு தால்சாவும் பச்சடியும் இருந்தால், குழந்தைகளும் கலந்த கூட்டத்தில் ஒரு கிலோ அரிசி 10 பேருக்கு வரும். பிரியாணி மட்டும்தான், வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் என்றால் 8 பேர்தான். நம் கூட்டம் முதல் வகை. ஆக, 20 கிலோ சீரகச் சம்பா, 20 கிலோ ஆட்டுக்கறி.

கறி, அரிசி, தண்ணீர், வெங்காயம், தக்காளி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து வெந்து நிற்கும்போது, ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 4¾ லிட்டர் இடம் பிடிக்கும். அதை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. கிளறவும், கொதி ஏறவும், தம்மில் ஆவி சுற்றவும் மேலே கால் பங்கு காலியாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 6½ லிட்டர் கொள்ளளவு வேண்டும். 20 கிலோவுக்கு 130 லிட்டர்.

பாத்திரத்தை அளக்க ஒரு டேப் போதும். உள் விட்டத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள்.

```
லிட்டர் = விட்டம் × விட்டம் × உயரம் × 0.785 ÷ 1000
```

61 செ.மீ. விட்டம், 46 செ.மீ. உயரம் உள்ள டேக்சா 134 லிட்டர் கொள்ளும். இது நம் முதல் வழி. 48 செ.மீ. விட்டமும் 36 செ.மீ. உயரமும் இருந்தால் 65 லிட்டர். அதில் இரண்டு எடுத்தால் இரண்டாவது வழி. அடி உருண்டையாக வளைந்திருந்தால் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கொள்ளும், அதையும் மனதில் வையுங்கள்.

கொள்ளளவில் இரண்டு வழியும் ஒன்றுதான். வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது. பெரிய டேக்சாவில் பிரியாணி ஏறக்குறைய 33 செ.மீ. உயரம் நிற்கும், சிறியதில் 26 செ.மீ. தான். இந்த 7 சென்டிமீட்டர் பெரிய விஷயம். சீரகச் சம்பா மென்மையான அரிசி. மேலே உள்ள பாரத்தில் அடிச் சோறு நசுங்கும், கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினால் அரிசி உடையும். தவிர, பெரியதில் பண்டம் இரண்டு மடங்கு, ஆனால் தீ படும் அடிப்பரப்பு ஒன்றரை மடங்கைவிடச் சற்றுதான் அதிகம். அதனால் கொதி வர நேரமாகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் அடி பிடிக்கும். தீய்ந்த வாசனை மூடியைத் திறக்கும் முன்பே வந்துவிடும். ஒரே பாத்திரம் என்றால் அத்தனை பேர் சாப்பாடும் அதோடு போச்சு.

பெரியதை இறக்குவதும் லேசல்ல. பாத்திரத்தோடு சேர்த்து 100 கிலோ தாண்டும். நான்கு பேர் வேண்டும். சிறியதை இரண்டு பேர் பிடித்து இறக்கிவிடலாம்.

சரி, பெரியதற்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. ஒரே டேக்சா என்றால் உப்பும் காரமும் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கும். சூடும் நீண்ட நேரம் தாங்கும். விறகடுப்பில் பழகிய மாஸ்டர், ஒரே பந்தி என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். கேஸ் அடுப்பில் மட்டும் வேண்டாம். தீ நடுவில் மட்டும் பட்டு, ஓரத்து அரிசி வேகாமலே நிற்கும்.

12 மணிக்கு ஒரு பந்தி, 1 மணிக்கு இன்னொன்று என்றால் இரண்டு டேக்சாதான் என் முடிவு. இரண்டாவதை முக்கால் மணி நேரம் பின்னால் ஏற்றினால் இரண்டாம் பந்திக்கும் தம் உடைத்த சூட்டோடு பரிமாறலாம். அதற்கு மசாலாவைத் தனித்தனியாக எடை போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் இரண்டு ருசியாகிவிடும்.

போதாமல் போய்விடுமோ என்று பயந்து, 10 கிலோ அரிசியை 130 லிட்டர் டேக்சாவில் போடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். அகலமான பரப்பில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும், அரிசி விறைத்து நிற்கும். எடுக்கப் போகும்போது டேப்போடு ஒரு செங்கல் நீள மரச்சட்டத்தையும் கொண்டுபோய் அடியில் வைத்துப் பாருங்கள். அடி குழிந்திருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் பிடிக்கும். மூடியையும் அதே டேக்சாவின் மேல் வைத்துப் பார்த்து எடுங்கள். இடைவெளி இருந்தால் மைதா மாவைச் சுற்றிலும் அப்பித்தான் தம் போட வேண்டியிருக்கும்.