ஷோகேசுக்குள் வைத்த டிவி: ஆறு வருடம், மூன்று செட் பேக்லைட்

மச்சினன் காசிமேட்டில் வீடு கட்டி முடித்து, ஹாலில் ஷோகேஸ் அடிக்க ஆசாரியிடம் பேசி வைத்திருக்கிறான். போன வாரம் போன் செய்து, "மாமா, உங்க டிவி இப்ப நல்லா விலை இறங்கியிருக்கு. அதையே வாங்கிடவா?" என்றான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஷோகேசுக்குப் பின்பக்கம் பலகை வைக்கிறாங்களா?" என்று கேட்டேன். அவனுக்கு நான் கேட்டது புரியவில்லை. புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிவி 43 இன்ச். 2019 தீபாவளிக்கு வாங்கினேன். படம், சத்தம் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதம் ஸ்டாண்டில் நின்றது. 2020 பொங்கலுக்கு, தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆசாரி வந்து பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்தார். மேலே சன்மைக்கா, முன்னால் தள்ளுகிற கண்ணாடிக் கதவு. ரோட்டுப் புழுதியும் துறைமுகத்துக்குப் போகிற லாரிப் புகையும் டிவிமேல் படியாது என்பதால் கண்ணாடி அம்மாவின் ஆசை. டிவிக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி, பக்கவாட்டில் அதுவும் கிடையாது. கீழ்த்தட்டில் செட்டாப் பாக்ஸ். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2022 மே மாதம், கத்திரி வெயில். சத்தம் வருகிறது, படம் இல்லை. ஆன் செய்தால் ஒரு நொடி மின்னிவிட்டு இருண்டுவிடும். சர்வீஸ் சென்டர் ஆள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "பேனல் போயிடுச்சு" என்று பதினாறாயிரம் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தெருமுனை மெக்கானிக் வந்து, விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தார். செய்தி வாசிப்பவரின் முகம் நிழல் மாதிரி தெரிந்தது. படம் உருவாகிறது, பின்னால் இருந்து வெளிச்சம்தான் வரவில்லை. அப்படியென்றால் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது, பேக்லைட்தான் போயிருக்கிறது என்றார். ஒரு டார்ச் அடித்துப் பார்க்க அந்தக் கம்பெனி ஆளுக்கு மனம் வரவில்லை.

பிரித்துக் காட்டினார். பேனலுக்குப் பின்னால் நீளநீளமாக எல்இடி ஸ்ட்ரிப்புகள். எல்லாம் ஒரே வரிசையில், பழைய சீரியல் செட் மாதிரி இணைத்திருக்கிறார்கள். அதனால் ஒன்று கருகினாலும் மொத்தமும் அணைந்துவிடும். கருகியிருந்த இரண்டும் மேல் ஸ்ட்ரிப்பில் இருந்தன. அதைச் சுற்றி, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைத் தாள் டீக்கறை நிறத்துக்குப் போயிருந்தது. "சூடு மேலதான் சார் போய் நிக்கும்" என்றார். ஒரு எல்இடியை மட்டும் மாற்றினால் போதாது, மற்றதெல்லாம் அதே சூட்டில் வெந்ததுதானே என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் முழு செட் வாங்கி வந்து போட்டார். கூலியோடு 2,800 ரூபாய். போகும்போது, "பெட்டிக்குள்ள வைக்காதீங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு அதே பெட்டிக்குள் வைத்தேன்.

பதினான்கு மாதம் கழித்து மறுபடி அதே இருட்டு. இந்த முறை அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன, நான்தான் கண்டுகொள்ளவில்லை. வெள்ளைச் சட்டைகள் ஓரத்தில் லேசாக நீலம் பாய்ந்து தெரிந்தன. ராத்திரி ஒன்றரை மணி நேரம் ஓடியதும் தானாக அணையும், அரை மணி நேரம் ஆறவிட்டால் திரும்ப வரும். ஆறினால் வேலை செய்கிறது என்றால் சூடுதான் காரணம் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் கரண்டைத் திட்டிக்கொண்டு ஸ்டெபிலைசர் வாங்கினேன்.

இரண்டாவது செட் போட்ட பிறகுதான் புத்தி வந்தது. கொளத்தூரில் மீன் தொட்டிச் சாமான் விற்கிற கடையில், ஒயர் நுனியில் சென்சார் இருக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். டிவியின் மேல் விளிம்புக்குப் பின்னால் ஒட்டி, கண்ணாடியை மூடி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஹாலில் 33 டிகிரி, பெட்டிக்குள் 49. டிவியோடு வந்த கையேட்டில் சுற்றியிருக்கும் காற்று 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றும், நாலு பக்கமும் 10 சென்டிமீட்டர் விட வேண்டும் என்றும் இருக்கிறது. வாங்கி நாலு வருடமாகப் போகிற அன்றுதான் அதைப் பிரித்தேன். டிவியும் செட்டாப் பாக்சும் சேர்ந்து தொண்ணூறு வாட் அளவுக்கு இழுக்கின்றன. கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்க அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு போடுவார்களே, அந்தக் கதைதான்.

உடனே ஆசாரியைக் கூப்பிட்டு பின்பலகையில் பெரிய சதுரமாக வெட்டச் சொன்னேன். மறுபடி அளந்தால் 47. எனக்கு அழுகையே வந்தது. பெட்டியை இழுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: ஓட்டைக்குப் பின்னால் ஒரு விரல் தூரத்தில் சுவர். காற்று எங்கே போகும்? டிவியின் முதுகில் கீழே இருக்கும் துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து, சூடாகி, மேலே இருக்கும் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். பெட்டிக்கும் அதேபோல கீழே ஒரு வழி, மேலே ஒரு வழி இருந்தால்தான் அந்த ஓட்டம் நடக்கும். ஆகவே கீழ்ப்பலகையின் பின் ஓரத்தில் ஒரு நீளப் பிளவு, அதற்கு நேர் மேலே மேல்பலகையில் இரண்டடி நீளம், நாலு விரல் அகலத்தில் இன்னொன்று. செட்டாப் பாக்சை வெளியே எடுத்துவிட்டேன். கண்ணாடிக் கதவையும் கழற்றியாயிற்று. அதற்கு அம்மாவிடம் இரண்டு நாள் பேச்சில்லை. இப்போது அளந்தால் 39.

யூஎஸ்பியில் ஓடுகிற சின்ன ஃபேன் ஒன்றையும் மேல் பிளவில், காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி வைத்தேன். 37 வரை இறங்கியது. ஆனால் எட்டே மாதத்தில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து அதை முடித்துவிட்டன. மறுபடி வாங்கவில்லை.

ஓட்டைக்குச் சமமாக உதவிய இன்னொரு விஷயம் செலவே இல்லாதது. கடையில் பளிச்சென்று காட்ட வைத்திருந்த Dynamic என்ற படமுறையிலேயே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம். அதில் Backlight 100. அதை 60க்குக் கொண்டுவந்தேன். Brightness என்று இன்னொன்று இருக்கிறது. அது படத்தின் இருட்டுப் பகுதியை வெளுப்பாக்கும், எல்இடிக்குப் போகிற கரண்டைக் குறைக்காது. ராத்திரியில் 60 தாராளம். பகலில் ஜன்னலைத் திறந்தால் கொஞ்சம் மங்கல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

சூடு எல்இடியோடு நிற்பதில்லை. பவர் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் சொல்கிற கணக்கு. என் போர்டில் ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது, அதையும் மாற்றினார். அது முழுதாகப் போயிருந்தால், சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே டிவி ஆன் ஆகாமல் நின்றிருக்கும்.

இரண்டு வருடமாகிறது. படம் ஓரம் வரை வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. தப்பு டிவிமேல் இல்லை, பெட்டிமேல் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் இதே டிவியை நான் இன்னொரு முறை வாங்க மாட்டேன். பதினாறாயிரம் கேட்ட அந்த முகம் கண்முன் வந்து நிற்கிறது. மச்சினன் வாங்கட்டும், விலைக்கு நல்ல டிவி.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு ஆசாரி வருகிறார். பிளவுகளின் அளவை அனுப்பிவிட்டேன். கழற்றின கண்ணாடிகள் மொட்டை மாடியில் இருக்கின்றன. அம்மா அவற்றின்மேல்தான் வடாம் பிழிகிறாள், ஒரே நாளில் காய்ந்துவிடுகிறதாம்.