நிகர ஜிஎஸ்டி பொறுப்பைக் கணக்கிடும் வினாக்கள்: பல ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது முதல், பகலில் வணிகர்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்வதும் மாலையில் பி.காம்., சி.ஏ. இன்டர் மாணவர்களுக்கு வரிப்பாடம் நடத்துவதுமாக இருந்து வருகிறேன். ஆகவே, "கீழ்க்கண்ட விவரங்களிலிருந்து வணிகர் செலுத்த வேண்டிய நிகர வரியைக் கணக்கிடுக" என்று தொடங்கும் வினாக்களோடு எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. இந்த வினாக்களைப் பயிற்சிக்கு நான் முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். ஆனால் வெளிமாநிலக் கொள்முதலில் கட்டிய ஐஜிஎஸ்டியால் கிடைக்கும் வரவைப் பங்கிடும் இடத்தில் பல விடைக்குறிப்புகள் காட்டும் அலட்சியம் மாணவரைத் தவறாகப் பழக்குகிறது என்பதே நான் இங்கே பதிவு செய்ய விரும்புவது.

வகுப்பில் நான் தொடர்ந்து பயன்படுத்தும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் மின்சாதனப் பொருள்கள் விற்கும் ஒரு வணிகர். எல்லாப் பொருளுக்கும் வரி 18 சதவீதம். அந்த மாதம் தமிழ்நாட்டுக்குள் 20,00,000 ரூபாய்க்கும் கேரளத்துக்கு 5,00,000 ரூபாய்க்கும் விற்றிருக்கிறார். எனவே உள்மாநில விற்பனைக்கு மத்திய அரசின் சிஜிஎஸ்டி 1,80,000, மாநில அரசின் எஸ்ஜிஎஸ்டி 1,80,000, வெளிமாநில விற்பனைக்கு ஐஜிஎஸ்டி 90,000 என மூன்று தலைப்புகளில் வரிப் பொறுப்பு நிற்கிறது. கொள்முதலில், குஜராத்திலிருந்து 15,00,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கின் ஐஜிஎஸ்டி 2,70,000. உள்ளூரில் 6,00,000 ரூபாய்க்கு வாங்கியதில் சிஜிஎஸ்டி 54,000, எஸ்ஜிஎஸ்டி 54,000. இவற்றோடு, தீபாவளிக்கு எலக்ட்ரீஷியன்களுக்கு இலவசமாகக் கொடுக்க 20,000 ரூபாய்க்கு வாங்கிய பரிசுப் பொருள்களும், குஜராத் லாரி நிறுவனத்துக்குக் கொடுத்த 40,000 ரூபாய் வாடகையும் உண்டு. அந்த நிறுவனம் வரி வசூலிக்காததால், வணிகரே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய் ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். தொடக்க இருப்பு எதுவும் இல்லை.

பரிசுப் பொருள்களின் வரி வரவாகாது. பிரிவு 17(5) அதைத் தடுக்கிறது. இதைப் பெரும்பாலான மாணவர்கள் சரியாகவே விட்டுவிடுகிறார்கள். லாரி வாடகையில்தான் சறுக்குகிறார்கள். ரிவர்ஸ் சார்ஜ் வரியை வரவிலிருந்து கழிக்க முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். கட்டிய பிறகு அந்த 2,000 ரூபாய் வரவாகிறது. எனவே ஐஜிஎஸ்டி வரவு 2,72,000 ஆகும்.

இனி செட்-ஆஃப், அதாவது வரவை வரிப் பொறுப்பில் கழிப்பது. ஐஜிஎஸ்டி வரவில் 90,000 ஐஜிஎஸ்டி பொறுப்புக்குப் போக 1,82,000 மீதி இருக்கிறது. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரவுகளைத் தொடுவதற்கு முன் இந்த மீதியைத் தீர்த்துவிட வேண்டும் என்பது சட்டம். சிஜிஎஸ்டி வரவு எஸ்ஜிஎஸ்டிக்கோ, எஸ்ஜிஎஸ்டி வரவு சிஜிஎஸ்டிக்கோ போகாது என்பதும் மாறாத விதி. மனப்பாடமாக "ஐ, சி, எஸ்" என்று படித்த மாணவர் 1,80,000 ரூபாயைச் சிஜிஎஸ்டியில் கழித்துவிட்டு, மிஞ்சிய 2,000 ரூபாயை எஸ்ஜிஎஸ்டியில் கழிக்கிறார். எஸ்ஜிஎஸ்டியில் 1,78,000 நிற்கிறது. அதன் சொந்த வரவு 54,000 போக, 1,24,000 ரூபாய் பணமாகக் கட்ட வேண்டியதாகிறது. மறுபக்கம் சிஜிஎஸ்டி வரவு 54,000 ரூபாய் அந்த மாதம் எதற்கும் பயன்படாமல் அடுத்த மாதத்துக்குப் போகிறது.

அதே 1,82,000 ரூபாயை 91,000 வீதம் இரண்டாகப் பிரித்தால், இரு தலைப்புகளிலும் 89,000 நிற்கும். சொந்த வரவு 54,000 போக ஒவ்வொன்றிலும் 35,000, மொத்தம் 70,000 ரூபாய் பணம் போதும். வித்தியாசம் அப்படியே அந்த 54,000 ரூபாய்தான். வரவு அழிந்துபோகவில்லை என்பது உண்மையே. ஆனாலும் கையிருப்புப் பணத்தில் சரக்கெடுக்கும் வணிகருக்கு ஒரு மாதம் 54,000 ரூபாய் முடங்குவது பெரிய சுமை.

இந்தச் சிக்கலே விதியாகவும் மாறியது என்பதை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்வது நல்லது. 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 49ஏ பிரிவு, ஐஜிஎஸ்டி வரவை முதலில் முழுவதும் தீர்க்கச் சொன்னது. அதற்கு முன்பே இருந்த 49(5) பிரிவு, மிஞ்சியதை முதலில் சிஜிஎஸ்டிக்கும் பிறகே எஸ்ஜிஎஸ்டிக்கும் பயன்படுத்தச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மேலே கண்ட 1,24,000 ரூபாய் விடைதான் கிடைக்கும். 2019 மார்ச் 29 அன்று சேர்க்கப்பட்ட 88ஏ விதி, மீதியைச் சிஜிஎஸ்டிக்கும் எஸ்ஜிஎஸ்டிக்கும் எந்த வரிசையிலும் எந்த விகிதத்திலும் பயன்படுத்தலாம் என்று அந்த முடிச்சை அவிழ்த்தது. இந்தப் பின்னணி தெரிந்த மாணவருக்கு வரிசை மறப்பதில்லை.

என் குறை இங்கேதான் இருக்கிறது. பல விடைக்குறிப்புகள் 91,000 வீதம் பிரித்த விடையை மட்டும் கொடுத்து, அது ஒன்றே சரி என்பதுபோல நிறுத்திவிடுகின்றன. உண்மையில், சொந்த வரவு போக ஒவ்வொரு தலைப்பிலும் குறைவது 1,26,000. ஐஜிஎஸ்டி மீதியிலிருந்து எந்தத் தலைப்புக்கும் அதற்கு மேல் கொடுக்காத வரையில், அதாவது சிஜிஎஸ்டிக்கு 56,000 முதல் 1,26,000 வரை எந்தத் தொகையைக் கொடுத்தாலும், மொத்தப் பணம் 70,000 ரூபாய்தான். பங்கீடு சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு தலைப்பில் பணம் கட்டும் அதே மாதத்தில், இன்னொரு தலைப்பில் வரவு மிஞ்சி நின்றால், ஐஜிஎஸ்டியைப் பங்கிட்ட விதத்தை மறுபடி பார்க்க வேண்டும். வரி கட்டும் ரிட்டர்னான GSTR-3B படிவத்தின் 6.1 அட்டவணையில் இணையதளம் தானாக நிரப்பிக் காட்டும் தொகைகளைத் திருத்த முடியும் என்பதால், அங்கேயும் ஆஃப்செட் பொத்தானை அழுத்துமுன் இதே சோதனையைச் செய்கிறேன்.

இன்னொரு நுணுக்கம். ரிவர்ஸ் சார்ஜ் 2,000 ரூபாயையும் வரவிலேயே கழித்துவிடும் மாணவர், ஐஜிஎஸ்டி மீதியாக 1,80,000 ரூபாயைப் பெற்று, இரு தலைப்புகளிலும் 36,000 வீதம் 72,000 ரூபாய் என்று முடிக்கிறார். மேலே கண்ட 70,000 ரூபாயோடு ரிவர்ஸ் சார்ஜ் 2,000 சேர, சரியான விடையின் மொத்தமும் 72,000 தான். "மொத்தம் சரியாகத்தானே வருது சார், மார்க் ஏன் குறைஞ்சது?" என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. சரியான விடையில் பணம் ஐஜிஎஸ்டி 2,000, சிஜிஎஸ்டி 35,000, எஸ்ஜிஎஸ்டி 35,000 என்று பிரிகிறது. சலானும் அப்படித்தான் போட வேண்டும். தலைப்பு மாறிக் கட்டிய பணத்தை PMT-09 படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் விடைத்தாளில் அப்படி மாற்ற வழியில்லை. ஆகவே நிகரப் பொறுப்பை ஒரே மொத்தமாக எழுதாமல் தலைப்பு வாரியாக எழுதும்படி மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

இந்த வினாக்கள் நடைமுறையிலிருந்து விலகி நிற்கும் ஓர் இடமும் உண்டு. பில் கையில் இருந்தாலே வரவு உண்டு என்று அவை எடுத்துக்கொள்கின்றன. குஜராத் விற்பனையாளர் 1,00,000 ரூபாய் பில் ஒன்றைத் தம் விற்பனை விவரம் தரும் GSTR-1 படிவத்தில் காட்டாமல் விட்டால், அது நம் வணிகருக்குக் கிடைக்கும் வரவைக் காட்டும் GSTR-2B அறிக்கையில் வராது; 18,000 ரூபாய் வரவு அந்த மாதம் கிடைக்காது; பணமாகக் கட்டுவது 72,000 ரூபாயிலிருந்து 90,000 ரூபாயாக உயரும். வினாவில் "இவற்றுள் ஒரு பில் GSTR-2B அறிக்கையில் இடம்பெறவில்லை" என்று ஒரு வரியை நானே சேர்த்துக் கொடுக்கிறேன். அந்த ஒரு வரிக்காகக் கணக்கை முதலிலிருந்து போடும் மாணவர், அலுவலகத்தில் சேர்ந்த பிறகு 2B அறிக்கையைத் திறக்காமல் வரவுத் தொகையை நிரப்புவதில்லை.